டப்பாவில் தக்காளி எவ்வளவு? பேஸ்ட், ப்யூரி, ரெடி சாஸ்: உப்பு, சர்க்கரை, மாவுக் கணக்கு

செல்வி_சாட்ஸ்வர்த்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மாமாவுக்குப் பிரஷர் ரொம்ப நாளாக இருக்கிறது, இப்போது சுகரும் சேர்ந்துகொண்டது. கிளினிக்கில் உப்பைக் குறை, சர்க்கரையைக் குறை, டப்பா சாமான்களைப் பார்த்து வாங்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டில் வாரம் தவறாமல் மீன் குழம்பு உண்டு. இங்கே டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஜாம் தக்காளி மலிவாகக் கிடைத்தால் அதைத்தான் போடுவேன். விலை ஏறும்போது டப்பாதான். இப்போது அலமாரியில் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் நூறு கிராமுக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்படியே தருகிறேன்.

முதலாவது தக்காளி பேஸ்ட். பொருள் பட்டியலில் தக்காளி மட்டும்தான். கிளைசீமிக் கார்போஹைட்ரேட் 14.8 கிராம், அதில் சர்க்கரை 12.2, சோடியம் 60 மில்லிகிராம்.

இரண்டாவது ப்யூரி. தக்காளி, உப்பு, சிட்ரிக் அமிலம். கார்போஹைட்ரேட் 7.1, சர்க்கரை 4.8, சோடியம் 200.

மூன்றாவது 410 கிராம் டப்பாவில் வரும் ரெடி குக்கிங் சாஸ். தண்ணீர், தக்காளி பேஸ்ட் (11%), சர்க்கரை, வெங்காயம், மாடிஃபைட் மேஸ் ஸ்டார்ச், எண்ணெய், உப்பு, பூண்டு, மசாலா, அமிலம், ஃப்ளேவரிங். கார்போஹைட்ரேட் 11.2, சர்க்கரை 7.4, சோடியம் 470.

எனக்குக் குழப்பம் இதுதான். சர்க்கரை அதிகம் இருப்பது பேஸ்டில். அப்படியானால் சுகர்காரருக்குப் பேஸ்ட்தானே ஆகாது? ஆனால் அதில் தக்காளியைத் தவிர எதுவும் இல்லை என்று போட்டிருக்கிறதே.

பாலா_பன்னிசவ்

அக்கா, டொமேட்டோ சாஸில் சர்க்கரை கொள்ளை கொள்ளையாக இருக்கும். என் பிள்ளைகள் சிப்ஸ், பை, முட்டை என்று எல்லாவற்றுக்கும் ஊற்றிக்கொள்கிறார்கள். நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் சர்க்கரை என்று பாட்டிலிலேயே இருந்தது. அதை முதலில் நிறுத்துங்கள்.

செல்வி_சாட்ஸ்வர்த்

பாலா, நான் கேட்டது மேசையில் வைத்துத் தொட்டுக்கொள்ளும் சாஸைப் பற்றி இல்லை தம்பி. குழம்பு வைக்கும்போது சட்டியில் ஊற்றுகிற சாஸ். பாட்டில் சாஸ் எங்கள் வீட்டில் மாமா தொடமாட்டார்.

ராஜூ_பீனிக்ஸ்

உப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் டப்பா, பாக்கெட் உணவில் உப்பைக் குறைக்கச் சட்டமே இருக்கிறது. 2016-ல் நடைமுறைக்கு வந்தது, 2019-ல் இன்னும் இறுக்கினார்கள். அந்த அளவுக்கு மேல் கம்பெனிக்காரன் போட முடியாது. கடையில் இருப்பதெல்லாம் அந்த வரம்புக்குள்தான் இருக்கும்.

ஜோபர்க்_கணேஷ்

செல்வி அக்கா, மாவுச்சத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கிளைசீமிக் கார்போஹைட்ரேட்டிலிருந்து சர்க்கரையைக் கழித்துவிடுங்கள். இந்த ஊர் லேபிளில் நார்ச்சத்தைத் தனி வரியாகப் போடுகிறார்கள், அதனால் மிச்சம் வருவது மாவு.

உங்கள் டப்பாக்களைக் கணக்குப் போட்டேன். சாஸில் 3.8. ப்யூரியில் 2.3. பேஸ்டில் 2.6. அதாவது தக்காளி மட்டும்தான் என்று எழுதிய பேஸ்டிலும் மாவு கலந்திருக்கிறான். நம்பி வாங்காதீர்கள்.

பழைய_கேனரிக்காரன்

செல்வி, நல்ல கேள்வி. மூன்று லேபிளையும் முழுதாகக் கொடுத்திருப்பதால் பதில் சொல்லவும் வழி இருக்கிறது. நான் தக்காளி டப்பா போடும் ஆலையில், தரம் பார்க்கும் லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

முதலில் கணேஷ் சொன்னது. வழி சரி, முடிவு தப்பு. பழுத்த தக்காளியில் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை. அப்புறம் எப்படி 2.6 மிஞ்சுகிறது? லேபிளில் போடும் கார்போஹைட்ரேட்டைப் பெரும்பாலும் யாரும் நேராக அளப்பதில்லை. நூறு கிராமிலிருந்து தண்ணீர், புரதம், கொழுப்பு, சாம்பல், நார் எல்லாவற்றையும் கழித்து, மிஞ்சியதை கார்போஹைட்ரேட் என்று எழுதுவார்கள். தக்காளியின் புளிப்பு, அதாவது சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும், அந்த மிச்சத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் சுத்தமான பேஸ்டில் இரண்டரை கிராம் அளவுக்கும், ப்யூரியில் இரண்டு கிராம் வரைக்கும், சில சமயம் கொஞ்சம் கூடவும், இப்படி வரும். அது மாவு இல்லை. செல்வியின் பேஸ்டும் ப்யூரியும் இந்தக் கணக்கில் சுத்தமாகத்தான் தெரிகின்றன.

சாஸ் கதை வேறு. அதில் பேஸ்ட் 11 சதவீதம்தான். பேஸ்டிலிருந்து வரும் மிச்சம் 2.6-ல் 11 சதவீதம், அதாவது 0.3 கிராம்கூட இல்லை. ஆனால் மிஞ்சுவது 3.8. அப்படியானால் சுமார் மூன்றரை கிராம் வெளியிலிருந்து வந்தது. பட்டியலிலேயே ஸ்டார்ச் என்று எழுதியிருக்கிறார்கள், அதுதான் இது. கழித்து வந்த எண்ணை மட்டும் பார்த்தால் ப்யூரியும் சாஸும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். உள்ளே எவ்வளவு தக்காளி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

ராஜூ, நீங்கள் சொன்ன சட்டம் உண்மை, வருடங்களும் சரி. ஆனால் அது எல்லா டப்பாவுக்கும் பொருந்தாது. ரொட்டி, காலை உணவு சீரியல், மார்ஜரின் வகை, சிப்ஸ், பதப்படுத்திய இறைச்சி, சூப் பவுடர், கிரேவி பவுடர், ஸ்டாக் க்யூப், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், இப்படிப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். தக்காளி பேஸ்ட், ப்யூரி, தக்காளி குக்கிங் சாஸ் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இவற்றில் உப்பு எவ்வளவு என்று நாம்தான் டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

மிச்சத்தை இரவு எழுதுகிறேன். சர்க்கரைக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ராஜூ_பீனிக்ஸ்

பட்டியல் இருப்பது தெரியாது ஐயா. சாஸ் எல்லாம் அதில் அடங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ப்யூரியே நல்லது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. அது வெறும் அரைத்த தக்காளி. பேஸ்டைக் காய்ச்சிக் காய்ச்சி அதில் இருக்கும் சத்தையெல்லாம் எரித்துவிடுகிறார்கள்.

பழைய_கேனரிக்காரன்

செல்வி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

பழுத்த தக்காளியைச் சமைக்காமல் அப்படியே சாறு பிழிந்து, கரைந்திருக்கும் பொருள் எவ்வளவு என்று பார்த்தால் நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்கும். ஆலையில் இதைப் பிரிக்ஸ் என்போம். தோலும் விதையும் நீக்கி, தண்ணீரை ஆவியாக்கி அந்த ஐந்தை ஏற்றிக்கொண்டே போவதுதான் மொத்த வேலை. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் சொல்வது இது: 7 முதல் 24-க்குள் இருந்தால் ப்யூரி, 24-ஐத் தொட்டுவிட்டால் பேஸ்ட். கடைப் பேஸ்ட் பெரும்பாலும் 28-லிருந்து 30 வரை. அதைத்தான் டப்பாவில் டபுள் கான்சென்ட்ரேட் என்று போடுவார்கள். ராஜூ, ப்யூரியும் காய்ச்சித்தான் வருகிறது. இரண்டும் ஒரே பாதை, எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் வித்தியாசம். வெற்றிடத்தில் கொதிக்கவைப்பதால் சூடும் நம் அடுப்புச் சூட்டைவிடக் குறைவு. வைட்டமின் சி கொஞ்சம் போகும், அது உண்மை.

28 பிரிக்ஸ் பேஸ்ட் என்றால், 28-ஐ 5-ஆல் வகுத்தால் 5.6. ஒரு கிராம் பேஸ்டுக்குள் ஐந்தரை கிராமுக்கு மேல் தக்காளி இருக்கிறது. நூறு கிராமில் 12 கிராம் சர்க்கரை என்றால் அது அரைக் கிலோவுக்கு மேற்பட்ட தக்காளியின் சொந்தச் சர்க்கரை. யாரும் போட்டதில்லை. நூறு கிராம் பேஸ்டை யாரும் ஒரு தட்டில் சாப்பிடவும் போவதில்லை. அதனால் நூறு கிராம் வரியை வைத்துப் பேஸ்டையும் சாஸையும் நேருக்கு நேர் ஒப்பிடவே கூடாது. சட்டியில் எவ்வளவு போகிறது என்பதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

உன் மீன் குழம்பையே எடுத்துக்கொள்வோம். நான்கு பேர், ஒரு சாஸ் டப்பா முழுதும் ஊற்றுகிறாய் என்று வைத்துக்கொள்.

410 கிராமில் 11 சதவீதம் பேஸ்ட் என்றால் 45 கிராம். அவ்வளவுதான், மூன்று மேசைக்கரண்டிக்குள் அடங்கிவிடும். 5.6-ஆல் பெருக்கினால் சுமார் 250 கிராம் தக்காளி. நடுத்தர அளவில் இரண்டு, மூன்று பழம். டப்பாவின் முன்பக்கப் படத்தில் எத்தனை பழம் இருக்கிறது என்று பார்.

சர்க்கரை: நூறு கிராமில் 7.4 என்று இருக்கிறது. 11 கிராம் பேஸ்டிலிருந்து வரக்கூடியது 1.3 மட்டும். வெங்காயத்திலிருந்து ஏதோ கொஞ்சம் வரும். ஆறு கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போட்ட சர்க்கரை. டப்பா முழுக்கச் சுமார் 24 கிராம், ஆறு டீஸ்பூன்.

மாவு: மூன்றரை கிராம் வீதம் டப்பாவுக்கு 14 கிராம்.

உப்பு: சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 470 மில்லிகிராம் என்றால் நூற்றுக்கு 1.2 கிராம் உப்பு, டப்பாவுக்கு 4.8 கிராம். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1.2. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் என்கிறது. இதற்கு மேல்தான் நீ உன் கையால் போடும் உப்பு.

இதே குழம்பை அந்தப் பேஸ்டில் 45 கிராம் எடுத்து வைத்தால் தக்காளி அதே அளவு. சர்க்கரை ஐந்தரை கிராம், எல்லாம் தக்காளியுடையது. மாவு கிடையாது. சோடியம் மொத்தச் சட்டிக்கே 27 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகை உப்புக்கும் குறைவு. ப்யூரியில் வைத்தால் 120 கிராம் வேண்டியிருக்கும், உப்பு 0.6 கிராம் வரும். அதுவும் பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. 28 என்பது என் ஊகம். டப்பாவில் எதுவும் போடவில்லை, பேஸ்ட் 24-லேயே நிற்கிறது என்றால் அந்த 45 கிராமில் 215 கிராம் தக்காளிதான். சாஸுக்குள் போன பேஸ்ட் எந்த அடர்த்தி என்பதும் நமக்குத் தெரியாது. ஆனாலும் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாறாது.

ஜோபர்க்_கணேஷ்

அமிலம் அந்த வரிக்குள் வரும் என்பது எனக்குப் புது விஷயம் ஐயா, நன்றி. இன்னொரு சந்தேகம். எல்லா டப்பாவிலும் சதவீதம் போடுவதில்லையே. "தக்காளி பேஸ்ட், தண்ணீர்" என்று மட்டும் இருந்தால் என்ன செய்வது?

பழைய_கேனரிக்காரன்

அதற்கு உப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும் கணேஷ். பொருள் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கிப் போகும், அது இங்கே விதி. உப்பின் எடையைச் சோடியத்திலிருந்து நம்மால் கணக்கிட முடியும். செல்வியின் சாஸில் உப்பு 1.2 சதவீதம். அப்படியானால் உப்புக்குப் பின்னால் வரும் பூண்டு, மசாலா எல்லாம் ஒவ்வொன்றும் 1.2-க்குக் குறைவு. முன்பக்கத்தில் பூண்டைப் பெரிதாக வரைந்திருந்தாலும் உள்ளே அவ்வளவுதான். உப்புக்கு முன்னால் இருக்கும் ஸ்டார்ச் அதைவிட அதிகம். சர்க்கரை பேஸ்டுக்கு முன்னால் வந்திருந்தால், அதில் இருப்பது எத்தனை தக்காளி என்று கேட்கவே வேண்டாம்.

மோனோசோடியம் குளூட்டமேட் சேர்த்திருந்தால் சோடியத்தில் ஒரு பங்கு அதிலிருந்தும் வரும், அப்போது உப்பு நாம் கணக்கிட்டதைவிடக் கொஞ்சம் குறையும். பிரஷர்காரருக்கு அதனால் லாபம் இல்லை, சோடியம் சோடியம்தான்.

ஊட்டச்சத்து அட்டவணையே இல்லாத டப்பாவும் கடையில் கிடக்கும். அதை மாமாவுக்காக வாங்க வேண்டாம் என்பேன்.

லலிதா_லெனேசியா

செல்வி, எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் அம்மாவுக்குக் கிட்னி பாதி வேலைதான் செய்கிறது. உப்பு இல்லாத பேஸ்ட் நல்லது என்று யாரோ சொல்ல, நாங்களும் தாராளமாகப் போட்டுக்கொண்டிருந்தோம். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏறிவிட்டது. டயட்டீஷியன் முதலில் கேட்டதே தக்காளியைப் பற்றித்தான். உங்கள் மாமாவுக்குக் கிட்னி எப்படி என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். சுகரும் பிரஷரும் இருப்பவர்களுக்குக் கிட்னிதான் அடுத்தது என்று டாக்டர் எங்களிடம் சொன்னார்.

பழைய_கேனரிக்காரன்

லலிதா சொல்வது முக்கியம். பேஸ்டில் தக்காளியின் எல்லாமே அடர்ந்து வருகிறது, பொட்டாசியமும் அப்படியே. நூறு கிராமில் ஆயிரம் மில்லிகிராம் வரை இருக்கும். 45 கிராம் போட்டால் சட்டிக்கு 450, ஆளுக்கு நூறுக்குச் சற்று மேல். கிட்னி நன்றாக இருப்பவர்களுக்கு இது பயப்படும் அளவு இல்லை, பிரஷருக்கு நல்லதென்றுகூடச் சொல்வார்கள். கிட்னி கெட்டவர்களுக்கு எவ்வளவு சரி என்பது அவரவர் ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. அதை நான் சொல்ல மாட்டேன். உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த "லோ சோடியம்" சாஸும் உண்டு. லலிதாவின் அம்மா போன்றவர்கள் அந்தப் பெயரைப் பட்டியலில் தேட வேண்டும்.

செல்வி_சாட்ஸ்வர்த்

மாமாவுக்குப் போன மாதம் எடுத்த கிட்னி டெஸ்ட் நன்றாகவே இருந்தது அக்கா. அடுத்த முறை போகும்போது இதையும் கேட்கிறேன்.

ஐயா, 24 கிராம் சர்க்கரை, 14 கிராம் மாவு என்று கேட்டதும் எனக்குப் பதறிவிட்டது. இத்தனை நாள் சாஸ்தான் சுகரை ஏற்றிவிட்டதா?

பழைய_கேனரிக்காரன்

அப்படிப் பழியைச் சாஸ் மேல் மட்டும் போடாதே அம்மா. இரண்டையும் கூட்டினால் 38 கிராம், நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்பதரை. ஒரு கப் சோற்றில் மட்டும் 45 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது. சாஸை மாற்றிவிட்டு இரண்டாவது கரண்டி சோறு போட்டால் சுகருக்கு ஒரு பலனும் இல்லை. சாஸை மாற்றுவதில் உண்மையான லாபம் உப்பில்தான். ஆளுக்கு 1.2 கிராம் என்பது பிரஷர்காரருக்குப் பெரிய அளவு.

மீனாட்சி_டீச்சர்_மாரிட்ஸ்பர்க்

மாவு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாமே. காயத்துக்குப் போடும் அயோடின் கரைசல் ஃபார்மசியில் கிடைக்கும். பள்ளியில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கில் போட்டுக் காட்டுவோம், உடனே கருநீலமாகிவிடும். சாஸில் ஒரு துளி விட்டால் தெரிந்துவிடும்.

ஜோபர்க்_கணேஷ்

டீச்சர், இப்போதுதான் செய்து பார்த்தேன். என்னிடம் இருந்த குக்கிங் சாஸில், ஸ்டார்ச் என்று பட்டியலிலேயே எழுதியது, இரண்டு துளி விட்டேன். அயோடின் நிறமே காணாமல் போய்விட்டது. நீலமும் இல்லை, ஒன்றும் இல்லை.

பழைய_கேனரிக்காரன்

தக்காளியில் இது நடக்கும் கணேஷ். வைட்டமின் சி அயோடினைத் தின்றுவிடும், நிறம் போய்விடும். அது தீர்ந்த பிறகுதான் மாவு அயோடினைப் பார்க்கும். ஒரு டீஸ்பூன் சாஸை அரைக் கப் தண்ணீரில் கரைத்துக்கொள், அப்போதுதான் சிவப்பும் மறைக்காது. நிறம் நிலைத்து நிற்கும் வரை துளித்துளியாக விடு. பக்கத்திலேயே வெறும் பேஸ்டை அதே அளவு தண்ணீரில் கரைத்து அதற்கும் விடு. இரண்டையும் ஒப்பிடாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. பார்த்து முடித்ததும் இரண்டையும் கொட்டிவிடு, யாரும் வாயில் வைக்கக்கூடாது.

ஜோபர்க்_கணேஷ்

நீங்கள் சொன்னபடி செய்தேன். பேஸ்ட் கிளாஸ் கடைசிவரை மஞ்சள் கலந்த ஆரஞ்சாகவே நின்றது. சாஸ் கிளாஸ் மாறியது, ஆனால் நீலமாக இல்லை. செம்பழுப்பும் ஊதாவும் கலந்த மாதிரி.

மீனாட்சி_டீச்சர்_மாரிட்ஸ்பர்க்

நீலம் வரவில்லை என்றால் மாவு இல்லை என்றுதான் நாங்கள் சொல்லிக்கொடுப்போம். ஆனால் பட்டியலில் ஸ்டார்ச் இருக்கிறதே. அயோடின் பழையதோ?

பழைய_கேனரிக்காரன்

அயோடின் பழையதாக இருக்கலாம். எனக்கு வேறு சந்தேகமும் உண்டு. சாஸ் ஆலைகள் அதிகம் விரும்புவது வாக்ஸி மக்காச்சோளத்தின் மாவை. ஆறினாலும் கெட்டியாகாது, தண்ணீர் விடாது. கருநீலம் தருவது அமைலோஸ் என்ற பகுதி, அது வாக்ஸி மாவில் கிட்டத்தட்ட இல்லை. மிச்சப் பகுதி செம்பழுப்பு, ஊதாதான் தரும். நீ பார்த்த நிறம் அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் கண்ணால் மட்டும் பார்த்து இதுதான் என்று கையெழுத்துப் போட மாட்டேன். குவார் கம், ஸாந்தன் கம் போட்டுக் கெட்டியாக்கிய சாஸ் அயோடினுக்கு மாறவே மாறாது. நிறம் வந்தால் மாவு உண்டு. வராவிட்டால் தண்ணீர் வேறு எதனாலோ பிடித்துவைக்கப்பட்டிருக்கலாம்.

சமைக்கத் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை சட்டியிலேயே இருக்கிறது. பேஸ்டையோ ப்யூரியையோ வெங்காயத்தோடு வதக்கினால் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். மாவு போட்ட சாஸில் எண்ணெய் லேசில் பிரியாது, மாவு அதைப் பிடித்துக்கொள்ளும். அடியும் சீக்கிரம் பிடிக்கும். ஒரு கரண்டியைத் தட்டில் வைத்துப் பத்து நிமிடம் விட்டாலும் தெரியும். பேஸ்டைத் தண்ணீரில் கரைத்தது சுற்றிலும் மஞ்சள் நீராக ஒரு வளையம் விடும். மாவு போட்டது போட்ட இடத்தில் அப்படியே நிற்கும். பார்க்கிறவர்கள் கெட்டியாக நிற்பதைத்தான் நல்ல சாஸ் என்று நினைக்கிறார்கள், எனக்கு அதில் எப்போதும் வருத்தம் உண்டு.

ராஜூ_பீனிக்ஸ்

இது உண்மை. அந்த டப்பா சாஸில் எண்ணெய் பிரியவே பிரியாது என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள். எண்ணெய் குறைவாக ஊற்றுகிறாய் என்று நான் சொல்வேன். டொமேட்டோ அண்ட் ஆனியன் மிக்ஸ் டப்பா எந்தக் கணக்கு ஐயா? எங்கள் வீட்டில் அதுதான் அதிகம் போகும்.

பழைய_கேனரிக்காரன்

அது நடுவில் நிற்கிறது ராஜூ. துண்டு தக்காளி முதலில் வந்து, வெங்காயம், உப்பு, சிட்ரிக் அமிலம், கால்சியம் குளோரைடு என்று முடிந்தால் நல்ல சரக்கு. கால்சியம் குளோரைடு துண்டுகள் கரையாமல் இருக்கப் போடுவது, பயப்பட வேண்டாம். சர்க்கரையும் மேஸ் ஸ்டார்ச்சும் சேர்ந்து வந்தால் அது பாதி சாஸ். ஒரே பெயரில் இரண்டு விதமும் விற்கிறார்கள், அதனால் கம்பெனியைப் பார்த்து வாங்காமல் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள்.

டின் ஃபிஷ் குழம்பு வைப்பவர்களுக்கும் ஒன்று. தக்காளி சாஸில் போட்ட பில்ச்சர்ட் டப்பாவில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. பலவற்றில் கெட்டியாக்கவும் ஏதாவது சேர்த்திருப்பார்கள். அதன் மேல் ரெடி சாஸையும் ஊற்றினால் இரட்டை உப்பு.

லலிதா_லெனேசியா

பேஸ்ட் போட்டால் ஒரு பச்சை வாடையும் டப்பா வாடையும் வருகிறது என்று வீட்டில் சொல்வார்கள். சாஸ் டப்பாவில் அது வருவதில்லை. சர்க்கரை போடுவதே அதை மறைக்கத்தானோ?

பழைய_கேனரிக்காரன்

சர்க்கரை புளிப்பைச் சமன்செய்ய. வாடைக்கு வழி எண்ணெயில் இருக்கிறது. வெங்காயம் நன்றாகச் சிவந்த பிறகு, மசாலாத் தூள் போடும் முன்பே பேஸ்டைச் சட்டியில் நேராக எண்ணெயில் விட்டு, சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் கிளற வேண்டும். பளிச்சென்ற சிவப்பு மாறிச் செங்கல் நிறத்துக்கு வரும், வாசனை மாறும். அதன் பிறகு தண்ணீர். பேஸ்டைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பில் ஊற்றினால் வாடை நிற்கத்தான் செய்யும். மீன் குழம்பில் புளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள், பேஸ்டில் புளிப்பும் அடர்ந்துதான் இருக்கிறது.

செல்வி_சாட்ஸ்வர்த்

இன்று ஷாட் மீன் கிடைத்தது, ஐயா சொன்னபடி வைத்தேன். பெரிய வெங்காயம் இரண்டு, நன்றாகச் சிவக்க வதக்கி, பேஸ்ட் மூன்று மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டுச் செங்கல் நிறம் வரும்வரை கிளறினேன். புளி எப்போதும் கரைப்பதில் பாதி. எண்ணெய் ஓரத்தில் தெளிவாகப் பிரிந்தது. குழம்பு டப்பா சாஸில் வைப்பதைவிடத் தண்ணீராக இருந்தது. அதற்காக வெங்காயத்தில் ஒரு பிடியை எடுத்து மசித்துச் சேர்த்தேன், சரியாகிவிட்டது.

உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட்டேன். சமைக்கும்போது அரை டீஸ்பூன் போதுமென்று தோன்றியது. மாமா முதல் கவளத்திலேயே உப்பு குறைவு என்றார். எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டார். அத்தைக்கு இன்னும் ஒப்பவில்லை, சாஸ் போட்டால்தான் நிறம் வருகிறது என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, பேஸ்ட் குழம்பு கருஞ்சிவப்பாகத்தான் வருகிறது.

பேஸ்ட் டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம். அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பழைய_கேனரிக்காரன்

திறந்த டப்பாவிலேயே வைக்காதே. அமிலம் காற்றோடு சேர்ந்தால் உள்பூச்சையும் தகரத்தையும் அரிக்கும், தகர ருசி ஏறிவிடும். உப்பும் இல்லாத பேஸ்ட் என்பதால் ஃப்ரிட்ஜில் சில நாளில் மேலே பூஞ்சை பிடிக்கும். ஒரு மேசைக்கரண்டி வீதம் தட்டில் வைத்து உறையவிட்டு, உறைந்ததும் ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் வை. குழம்புக்கு மூன்று உருண்டை எடுத்து அப்படியே எண்ணெயில் போடலாம், கரைய விட வேண்டியதில்லை.

நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த் தூள் அரை டீஸ்பூன் போட்டுப் பார், அத்தை என்ன சொல்கிறார் என்று எழுது.

ஜோபர்க்_கணேஷ்

நாளை புது அயோடின் வாங்குகிறேன். சோள மாவு கரைத்த தண்ணீர் ஒரு கிளாஸ், சாஸ் ஒரு கிளாஸ், பேஸ்ட் ஒரு கிளாஸ் என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படம் போடுகிறேன். டீச்சர், நிறத்தை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.